பத்துக் கூடையும் ஒரு நாணயமும்

*மிஸ், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறில் சமூக சுகாதார டிப்ளோமா படிக்கிறேன். ஓ.எல் கணிதத்தில் எஸ் பாஸ்தான், அதுவும் இரண்டாவது தடவையில். இப்போது புள்ளிவிபரவியல் ஸ்லைட் வந்திருக்கிறது. கொழுந்து எடுக்கும் 10 பெண்கள் பழைய கூடையோடு ஒரு நாள், புதிய பாரம் குறைந்த கூடையோடு ஒரு நாள் எடுத்ததாக ஒரு கற்பனைக் கணக்கு. அதன் கீழே இந்த வரி:*

```
Mean difference = 1.2 kg, 95% CI [0.29, 2.11], p = 0.015
```

*அடுத்த ஸ்லைடில் முதல் 5 பெண்களை மட்டும் எடுத்து:*

```
Mean difference = 1.3 kg, 95% CI [-0.49, 3.09], p = 0.11
```

*0.05க்குக் குறைந்தால் நல்லது, கூடினால் பலன் இல்லை என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். 0.015 என்றால் புதிய கூடை சரியில்லாமல் இருக்க 1.5 வீதம்தான் இடமா? 5 பெண்களில் கிலோ கூடத்தானே வந்திருக்கிறது, பிறகு ஏன் பலன் இல்லை? சூத்திரத்தைப் பார்த்தாலே கை நடுங்குகிறது.*

*— மஸ்கெலியா வாசகி*

தங்கச்சி, சூத்திரத்தை மூடி வையுங்கள். கூட்டல், கழித்தல், ஒரு நாணயம், இவை போதும். ஸ்லைடில் பத்துப் பெண்களின் எண்களும் இருப்பதை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அதை வைத்தே பேசுவோம்.

புதிய கூடை நாளில் எடுத்த கிலோவிலிருந்து பழைய கூடை நாளின் கிலோவைக் கழித்தால் வருவது இது: எட்டுப் பேருக்குக் கூடியிருக்கிறது, 2.5, 1, 3, 0.5, 1.5, 2, 1, 2 என்று. இரண்டு பேருக்குக் குறைந்திருக்கிறது, ஒருவருக்கு அரைக் கிலோ, மற்றவருக்கு ஒரு கிலோ. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 12 கிலோ. பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.2 கிலோ. முதல் துண்டு முடிந்தது, ஸ்லைடில் உள்ள சராசரி இதுதான்.

இப்போது தோட்டத்து ஆளாக யோசியுங்கள். ஒரு பெண்ணின் கொழுந்து நேற்றும் இன்றும் ஒரே நிறையாக இருந்ததுண்டா? நேற்று நல்ல நிரை கிடைத்தது, இன்று கால் வலி, நாளை காலையில் பனிமூட்டம். மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்ற எவருக்கும் இது தெரியும். அப்படியானால் இந்த 12 கிலோ கூடையால்தான் வந்ததா, வழக்கமான ஏற்ற இறக்கத்தில் தானாக வந்துவிட்டதா? p கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

ஒரு வழக்கறிஞர் மாதிரி எதிர்ப்பக்கத்தில் நின்று பேசிப் பார்ப்போம். "கூடையால் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று அவர் வாதாடுகிறார். சூனியக் கருதுகோள் என்று ஸ்லைடில் பயமுறுத்துவது இந்த வாதம்தான். அவர் சொல்வது உண்மையானால், முதல் பெண்ணின் இரண்டு நாளுக்கும் இடையிலுள்ள 2.5 கிலோ வேறு எதனாலோ வந்தது. நல்ல நாளில் புதிய கூடை அவர் முதுகில் இருந்தது தற்செயல். பழைய கூடை இருந்திருந்தாலும் அதே கொழுந்துதான், அப்போது அந்த எண் +2.5 அல்ல, −2.5 என்று விழுந்திருக்கும். ஆக, கூடைக்குப் பலன் இல்லையென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் கூட்டலா கழித்தலா என்பது நாணயம் சுண்டி முடிவு செய்த மாதிரி.

சரி, சுண்டுவோம். தலை விழுந்தால் கூட்டல், பூ விழுந்தால் கழித்தல். ஒரு பெண்ணுக்கு 2 வழி. இரண்டு பேருக்கு 4, மூன்று பேருக்கு 8, இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்துப் பேருக்கு 1024 வழி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. எதிர்ப்பக்கத்தாரின் உலகத்தில் இந்த 1024உம் சம வாய்ப்புள்ளவை. அவற்றில் எத்தனை வழிகளில் மொத்தம் 12 கிலோவோ அதற்கு மேலோ வரும்?

இதை எண்ண 1024 தடவை சுண்ட வேண்டாம். எல்லாமே கூட்டலாக விழுந்தால் மொத்தம் 15 கிலோ. ஒரு எண்ணைக் கழித்தலாக மாற்றினால் அந்த எண்ணைப் போல இரண்டு மடங்கு குறையும். ஆகவே மொத்தம் 12க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டுமானால், கழித்தலாக விழுந்த எண்கள் எல்லாம் சேர்ந்தும் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. நமது பட்டியலில் சின்ன எண்கள் 0.5 இரண்டு தடவை, 1 மூன்று தடவை, 1.5 ஒரு தடவை. எதுவும் கழித்தல் ஆகாத வழி 1. ஒரேயொரு அரைக் கிலோ மட்டும் கழித்தல் ஆவது 2 வழி. ஒரு கிலோ கழித்தல் ஆவது 4 வழி (மூன்று ஒன்றுகளில் ஏதாவது ஒன்று, அல்லது இரண்டு அரைகளும் சேர்ந்து). ஒன்றரைக் கிலோ கழித்தல் ஆவது 7 வழி (அந்த 1.5 தனியாக, அல்லது ஒரு ஒன்றும் ஒரு அரையும் சேர்ந்து ஆறு விதமாக). மொத்தம் 14.

புதிய கூடை கூட்டுமா குறைக்குமா என்று முன்கூட்டியே நமக்குத் தெரியாது. 12 கிலோ குறைந்திருந்தாலும் நாம் இதே அளவுக்குத் திடுக்கிட்டிருப்போம். ஆகவே அந்தப் பக்கத்து 14ஐயும் சேர்க்க வேண்டும். 28. அதை 1024ஆல் வகுத்தால் 0.027. தங்கச்சி, நீங்கள் இப்போது கையால் ஒரு p கண்டுபிடித்துவிட்டீர்கள். வெறும் எண்ணிக்கை, வேறொன்றும் இல்லை.

ஸ்லைடில் 0.015 இருக்கிறதே என்பீர்கள். உங்கள் விரிவுரையாளர் t சோதனை செய்திருக்கிறார். டப்ளின் கின்னஸ் பியர் ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெட் என்பவர் 1908இல் 'ஸ்டுடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட வழி அது. வித்தியாசங்கள் மணி வடிவத்தில் பரந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, நாணயத்துக்குப் பதிலாக அட்டவணையைப் பார்க்கும். கேள்வி அதேதான், எடுத்துக்கொள்ளும் அனுமானம் கொஞ்சம் வேறு, அதனால் பதிலும் கொஞ்சம் வேறு. மூன்றாவது தசம தானத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 0.015 என்பது புதிய கூடை சரியில்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. நாம் செய்த எண்ணிக்கையைத் திரும்பிப் பாருங்கள். பலன் இல்லை என்று *வைத்துக்கொண்டுதான்* நாணயத்தையே எடுத்தோம். அப்படி வைத்துக்கொண்டு செய்த கணக்கு, அது உண்மையா பொய்யா என்பதற்கே வாய்ப்பு எத்தனை என்று எப்படிச் சொல்லும்? "பலன் இல்லையென்றால் இப்படியான எண்கள் வருவது எவ்வளவு அரிது" என்பதும் "இப்படியான எண்கள் வந்தபின் பலன் இல்லாமலிருக்க எவ்வளவு இடம்" என்பதும் இரண்டு கேள்விகள். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதற்காகப் பெண்களில் பெரும்பாலானோர் கொழுந்து எடுப்பவர்களா? வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் எண்ணும் மாறிவிடும். நீங்கள் விட்ட பிழை எஸ் பாஸ்காரர் விடும் பிழை என்று நினைக்க வேண்டாம், பட்டம் வாங்கியவர்களின் ஆய்வறிக்கைகளில் வருடா வருடம் நான் சிவப்பு மையால் சுழிக்கும் பிழை இது.

அந்த 0.05? வானத்திலிருந்து விழுந்த எல்லை இல்லை. 1925இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எழுதினார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 0.049க்கும் 0.051க்கும் நடுவில் ஒரு சுவரும் கிடையாது.

இனி, ஸ்லைடில் CI என்று இருக்கும் நம்பிக்கை ஆயிடை. எனக்கு p-ஐ விட இதன்மேல்தான் பிரியம். p "பலன் இல்லை" என்ற ஒரேயொரு வாதத்தை மட்டும் விசாரிக்கும். ஆயிடை எல்லா வாதங்களையும் வரிசையில் நிறுத்தி விசாரிக்கும்.

எப்படியென்றால், ஒருவர் வந்து "புதிய கூடையால் உண்மையில் 3 கிலோ கூடும்" என்கிறார் என்று வைப்போம். அவர் சொல்வது உண்மையானால், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 3ஐக் கழித்தபின் மிஞ்சுவது வழக்கமான ஏற்ற இறக்கம் மட்டுமே, அதற்கு நாணய விதி பொருந்த வேண்டும். கழித்துப் பாருங்கள்: ஒருவருக்குச் சரியாக 0, மற்ற ஒன்பது பேருக்கும் கழித்தல். நாணயம் இப்படி ஒரே பக்கமாக விழுவதற்கு 1024இல் 4தான் இடம், 0.004. இவர் வாதம் எடுபடாது, அனுப்பிவிடலாம். அடுத்தவர் "1 கிலோ கூடும்" என்கிறார். ஒன்றைக் கழித்தால் ஐந்து பேருக்குக் கூட்டல், மூன்று பேருக்குக் கழித்தல், இருவருக்கு 0, மொத்தம் 2 கிலோ. நாணயம் சாதாரணமாகவே இப்படி விழும். இவரை மறுக்க நம்மிடம் ஒன்றுமில்லை, இருக்கட்டும். இப்படி ஒவ்வொருவராக விசாரித்து, p 0.05க்குக் கீழே போகிறவர்களை அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களை வரிசையாக நிறுத்தினால் அந்த வரிசைதான் 95% ஆயிடை. t வழியில் அது 0.29இல் தொடங்கி 2.11இல் முடிகிறது. "பலன் 0" என்பவர் அந்த வரிசையில் இல்லை. அதனால்தான் அதே ஸ்லைடில் p 0.05க்குக் குறைவாக இருக்கிறது. இரண்டும் ஒரே விசாரணையின் இரண்டு தீர்ப்புத் தாள்கள்.

பரீட்சையில் கேட்டால் எழுத வேண்டிய கணக்கு நான்கு அடிதான். பத்து வித்தியாசங்களும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது நியம விலகல், இங்கே 1.27 கிலோ. அதைப் பத்தின் வர்க்கமூலமான 3.16ஆல் வகுத்தால் 0.402, இது நியம வழு. பத்துப் பேருக்கு அட்டவணை தரும் எண் 2.26. 0.402ஐ 2.26ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.91. 1.2இலிருந்து அதைக் கழித்தால் ஒரு முனை, கூட்டினால் மறு முனை.

"95%" என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. உண்மையான பலன் 0.29க்கும் 2.11க்கும் இடையில் இருக்க 95 வீதம் வாய்ப்பு என்று எழுதத் தோன்றும். இந்த ஆயிடையை 1937இல் முறைப்படி நிறுவிய யேர்சி நெய்மன் அப்படிச் சொல்ல விடமாட்டார். 95 என்பது இந்த ஓர் ஆயிடைக்கான மதிப்பெண் அல்ல, அதைச் செய்த முறைக்கான மதிப்பெண். நூறு மாணவிகள் தனித்தனியாகப் பத்துப் பத்துப் பெண்களை எடுத்து இதே கணக்கைச் செய்தால் நூறு ஆயிடைகள் கிடைக்கும். அவற்றில் ஏறக்குறைய 95 உண்மையைப் பிடித்திருக்கும், 5 அளவில் தவறவிட்டிருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த 95இல் ஒன்றா, 5இல் ஒன்றா என்பது அதன் நெற்றியில் எழுதியிருக்காது.

ஆயிடையை நான் விரும்புவதற்குக் காரணம் அது கிலோவில் பேசுவது. p-க்கு அலகே கிடையாது. என் அம்மா கொழுந்து எடுத்தவர். அரைக் கிலோ குறைந்ததற்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்ட நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்த விதமே வேறு. அந்தக் கண்ணால் இந்த ஆயிடையைப் பாருங்கள். மேல் முனையான 2.11 கிலோ உண்மையானால், 18 கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் 16ஐத் தாண்டித் திணறுகிற பெண்ணுக்கு அது முழுப் பேர். கீழ் முனையான 0.29 உண்மையானால் முந்நூறு கிராமும் இல்லை, ஈரத்துக்கென்று மடுவத்தில் கழிப்பதிலேயே போய்விடும். கூடைக்குக் காசு செலவழிக்கலாமா என்று துரை கேட்டால், p = 0.015 என்ற பதில் அவருக்கு எதுவும் சொல்லாது. "முந்நூறு கிராமிலிருந்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரை எதுவும் இருக்கலாம்" என்பது சொல்லும்.

இப்போது அந்த 5 பெண்கள். இது நல்ல கேள்வி, உங்கள் விரிவுரையாளர் வேண்டுமென்றே வைத்த பொறி என்று நினைக்கிறேன். சராசரி 1.3 கிலோ, பத்துப் பேரின் சராசரியை விடக் கூட. ஆனால் p 0.11. நாணயத்துக்குத் திரும்புங்கள். ஐந்து பேருக்கு மொத்தம் 32 வழிதான். ஐந்து பேருக்கும் கூடியிருந்தால்கூட, அப்படி ஒரு வழி, எதிர்ப்பக்கத்தில் ஒரு வழி, 32இல் 2, அதாவது 0.0625. கவனித்தீர்களா, கூடை எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஐந்து பெண்களை வைத்து நாணய வழியில் 0.05க்குக் கீழே இறங்கவே முடியாது. பரீட்சையில் கேள்வித்தாளே 30 புள்ளிக்குத்தான் என்றால் 35 எடுக்கவில்லை என்று பிள்ளையைத் திட்ட முடியுமா? t வழிக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் அதற்கும் ஐந்து பேர் போதாது என்பதை அந்த ஆயிடையே காட்டுகிறது: −0.49இலிருந்து 3.09 வரை. அரைக் கிலோ குறையவும் கூடும், மூன்று கிலோ கூடவும் கூடும். இதைப் "பலன் இல்லை" என்று எழுதுவது பிழை. "தெரியவில்லை" என்பதே சரி. ஆயிடை −0.1இலிருந்து 0.1 வரை என்று ஒடுங்கி வந்திருந்தால் மட்டுமே, பலன் இருந்தாலும் நூறு கிராமுக்குள்தான் என்று துணிந்து எழுதலாம்.

கடைசியாக ஒன்று, இதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. நான் மாணவியாக இருந்தபோது இதே மாதிரி ஓர் ஒப்பீட்டைச் செய்தேன். முதல் வாரம் முழுக்கப் பழைய முறை, இரண்டாம் வாரம் முழுக்கப் புதிய முறை. p 0.001 வந்தது. துள்ளிக்கொண்டு போய் என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்காமலே, "இரண்டு வாரத்துக்கும் நடுவில் மழை பெய்ததா?" என்றார். பெய்திருந்தது. வறட்சிக்குப் பிறகு மழை விழுந்தால் மலை எப்படிக் கொழுந்து தள்ளும் என்று லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு மட்டும் அந்த வாரம் மறந்துவிட்டது. என் p பொய் சொல்லவில்லை. "இது தற்செயலாக வருவது அரிது" என்றது, அவ்வளவுதான். தற்செயல் இல்லையென்றால் புதிய முறையா மழையா என்று அது சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது.

நாம் நாணயம் சுண்டி எண்ணினோமே, அது செல்லுபடியாக வேண்டுமானால் எந்தப் பெண்ணுக்கு எந்த நாளில் எந்தக் கூடை என்பதையும் உண்மையிலேயே நாணயம் சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ தீர்மானித்திருக்க வேண்டும். அப்போது மழை வந்தாலும் சிலருக்குப் பழைய கூடையில், சிலருக்குப் புதிய கூடையில் வரும். உங்கள் ஸ்லைடில் நாட்களை எப்படிப் பிரித்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் முதல் கையை உயர்த்தி அதைக் கேளுங்கள். முதல் ஸ்லைடை ஒப்படையில் எழுதும்போது, பதில் "சீட்டுப் போட்டு" என்றால், இப்படி எழுதலாம்: "புதிய கூடையில் ஆளுக்குச் சராசரியாக 1.2 கிலோ கூடியது. தரவோடு ஒத்துப்போகும் பலன் 0.29 கிலோவிலிருந்து 2.11 கிலோ வரை. கூடையால் வித்தியாசமே இல்லையென்றால் இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் ஆயிரத்தில் 15 தடவைதான் தெரியும்." பதில் "முதலில் பழையது, பிறகு புதியது" என்றால் அதையும் அதே பந்தியில் எழுதிவிடுங்கள், அந்த நாட்களில் மழை பெய்ததா என்பதோடு.